ரத்தத்தையும் எடுக்கிறாங்க, இரும்புச்சத்து மாத்திரையும் கூடாதுங்கிறாங்க: அப்பாவுக்குப் பாலிசைதீமியா வெரா

பெரம்பூர்மகள் (ஞாயிறு, இரவு 9.40)

அப்பாவுக்கு 58 வயசு, பெரம்பூர்ல இருக்கோம். போன வருஷம் குளிச்சிட்டு வந்தாலே உடம்பு பூரா அரிப்புன்னு துண்டோட நின்னுட்டு சொறிஞ்சுக்கிட்டே இருப்பார். தடிப்பும் இல்ல, சிவப்பும் இல்ல. நாலு சோப்பு மாத்தினோம், வேப்பிலைத் தண்ணி ஊத்தினோம், ஒண்ணும் கேக்கல. அப்புறம் ராத்திரில கால் விரல் நெருப்பு மாதிரி எரியுதுன்னு சிமெண்ட் தரைல காலை வச்சு உக்காந்திருப்பார். சர்க்கரைன்னு நினைச்சு டெஸ்ட் எடுத்தா சர்க்கரை நார்மல், ஹீமோகுளோபின் 18.6, ரத்தத்துல சிவப்பணு நூத்துக்கு எத்தனை பங்குன்னு காட்டற ஹீமட்டோக்ரிட் 57! கடைசில ரத்தவியல் டாக்டர்கிட்ட போய், எலும்பு மஜ்ஜை டெஸ்டும் எடுத்து, ரிப்போர்ட்ல "JAK2 V617F Detected"னு வந்துச்சு. மஜ்ஜை சிவப்பணுவை அளவுக்கு மீறிச் செய்யற பாலிசைதீமியா வெரான்னு சொன்னாங்க.

வாரம் ஒண்ணுன்னு அஞ்சு தடவை 350 மில்லி ரத்தம் எடுத்தாங்க, தினம் ஆஸ்பிரின் 75. ஹீமட்டோக்ரிட் 44க்கு வந்தது. அரிப்பு பாதி குறைஞ்சது, கால் எரிச்சல் சுத்தமா போச்சு.

பிரச்சனை இப்பதான். அப்பாவுக்கு ஒரே அசதி. மாடிப்படி ஏறினா உக்காந்துடறார். வீட்டுப் பக்கத்துல உள்ள கிளினிக்ல காட்டினோம். ஃபெரிட்டின் 6, "இவ்ளோ இரும்புச்சத்துக் குறைவா!"ன்னு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. அஞ்சு வாரம் போட்டார். நல்ல தெம்பா இருந்தார். போன வியாழன் ரத்தம் பாத்தா ஹீமட்டோக்ரிட் 52. ரத்தவியல் டாக்டர் மாத்திரையைப் பாத்துட்டு உடனே நிறுத்தச் சொல்லிட்டார். கூட்டத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேச முடியல.

ஒரு மனுஷனுக்கு இரும்பு இல்லைன்னு தெரிஞ்சும் கொடுக்கக்கூடாதுன்னா என்ன வைத்தியம் இது? ரத்தத்தை எடுத்து எடுத்துத்தானே இந்தக் குறைவு வந்துச்சு?

---

வேளச்சேரி தாத்தா (ஞாயிறு, இரவு 10.15)

அம்மா, ஓய்வுபெற்ற எஞ்சினியர் நான், டாக்டர் இல்ல. ஆனா குழாயில ஓடறது எதுவானாலும் கெட்டியானா பம்புக்கு வேலை அதிகம். தோசை மாவுக்கும் ரசத்துக்கும் உள்ள வித்தியாசம். ரத்தம் எடுக்கறது கெட்டியைக் குறைக்க, ஆஸ்பிரின் மிச்சத்தை இளக்க. அவ்வளவுதான். சென்னை வெயிலுக்கு அப்பாவை மூணு லிட்டர் தண்ணி, இளநீர் குடிக்கச் சொல்லுங்க, ரத்தம் எடுக்கறதே தேவைப்படாது.

---

அடையாறு_தம்பி (ஞாயிறு, இரவு 10.31)

அக்கா, ஹீமோகுளோபின் 18 எல்லாம் நல்ல விஷயம்தானே? ஜிம்ல சில பேருக்கு அப்படித்தான் இருக்கு. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் ஏறும்னு படிச்சிருக்கேன். அப்பா சிகரெட்டை விட்டாலே இறங்கிடும். அப்புறம் எடுக்கிற ரத்தத்தை யாருக்காவது கொடுக்கலாமே, வீணாப் போகுதே.

---

பெரம்பூர்மகள் (ஞாயிறு, இரவு 10.38)

தம்பி, அப்பா வாழ்க்கைல சிகரெட் தொட்டதில்ல. ஜிம் பக்கமும் போனதில்ல 🙂

---

ஊசிக்காரர் (திங்கள், காலை 6.20)

18 வருஷமா ரத்த வங்கில டெக்னீஷியன். பாலிசைதீமியா ஆளுங்களுக்கு மாசம் ரெண்டு மூணு பேருக்காவது எடுக்கிறேன். தம்பிக்கு முதல்ல பதில்: அந்தப் பையை நாங்க யாருக்கும் ஏத்த மாட்டோம். உள்ள இருக்கறது மஜ்ஜைக் கோளாறுல பிறந்த செல். எடுத்ததும் பைல சிவப்பு லேபிள் ஒட்டி, கழிவுக்குப் போகும்.

முதல் தடவை வர்றவங்களைப் பாத்தாலே தெரியும், முகம் செங்கல் கலர்ல இருக்கும். வழக்கமா ரத்தம் கொடுக்க வர்ற பசங்களுக்கு ஏழெட்டு நிமிஷத்துல பை நிறைஞ்சிடும். இவங்களுக்கு ஊசி போட்டா ரத்தம் குழாய்ல நகர்றதே தெரியும், அவ்வளவு மெதுவா. ஒருத்தருக்கு 200 மில்லில குழாய்க்குள்ளேயே உறைஞ்சு நின்னுடுச்சு, இன்னொரு கைல குத்த வேண்டியதாச்சு. நாலாவது அஞ்சாவது தடவை வரும்போது அதே ஆளுக்குச் சரசரன்னு ஓடும். எதுக்காக எடுக்கிறாங்கன்னு எனக்கு அதுலதான் புரிஞ்சுது.

வயசானவங்களா, இதயக் கோளாறு உள்ளவங்களா இருந்தா 350ஐ ஒரேயடியா எடுக்காம, பாதி எடுத்துட்டு மறு கைல சலைன் விடச் சொல்வாங்க. வெறும் வயித்தோட மட்டும் கூட்டிட்டு வராதீங்க.

---

மஜ்ஜைப்பித்து (திங்கள், இரவு 11.05)

ரத்தவியல் துறையில் இருக்கிறேன். ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். கேள்வி நியாயமானது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மஜ்ஜை தன் இஷ்டத்துக்குச் சிவப்பணு செய்யாது. உடம்புக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஆர்டரை அனுப்பும், ஆர்டர் வந்தால் மஜ்ஜை வேலை செய்யும். அந்த ஆர்டரை செல்லுக்குள் வாங்கிக்கொடுக்கிற சுவிட்ச்தான் ஜாக்2. உங்கள் அப்பாவுடைய மஜ்ஜையில் எப்போதோ ஒரே ஒரு தாய் செல்லில் அந்த சுவிட்சின் 617ஆவது இடத்தில் ஒரு எழுத்து மாறி, சுவிட்ச் "ஆன்"லேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த செல்லின் வாரிசுகள் ஆர்டரே இல்லாமல் சிவப்பணுவைத் தயாரித்துத் தள்ளுகின்றன. 2005இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பாலிசைதீமியா வெரா உள்ள நூறு பேரில் 95 பேருக்கு மேல் இந்த ஒரே மாற்றம்தான். சிகரெட், நுரையீரல் நோய், மலைப்பிரதேசம் இவற்றால் ஹீமோகுளோபின் ஏறினால் எரித்ரோபாய்ட்டின் பெரும்பாலும் குறையாது, சில சமயம் ஏறியிருக்கும். இதில் குறைந்திருக்கும், சிறுநீரகம் ஆர்டரை நிறுத்தியும் மஜ்ஜை கேட்காததால். அடையாறு தம்பி, வித்தியாசம் அங்கேதான்.

இப்போது கணக்கு. அப்பா எடை 68 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் ஏறக்குறைய 4.8 லிட்டர். 350 மில்லி எடுத்தால் நூற்றுக்கு ஏழு பங்கு போகிறது. போன திரவம் ஒன்றிரண்டு நாளில் திரும்பி நிரம்பிவிடும், போன சிவப்பணு நிரம்பாது. ஆக 57, 53க்கு வரும். அடுத்தது 49. அதற்கடுத்தது 45 சொச்சம். நடுவில் மஜ்ஜையும் சும்மா இருக்காது, அதனால்தான் மூன்று, நாலு தடவையில் முடிய வேண்டியது அஞ்சு ஆனது.

அஞ்சு தடவைக்குப் பிறகும் மஜ்ஜை சுவிட்ச் "ஆன்"லதானே இருக்கிறது? அப்படியிருக்க ஹீமட்டோக்ரிட் ஏன் 44இல் நிற்கிறது? இங்கேதான் இரும்பு வருகிறது. ஒரு மில்லி சிவப்பணுவில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு. முதல் பையில் 200 மில்லி சிவப்பணு, அதாவது 200 மி.கி. இரும்பு. அஞ்சு பையும் சேர்ந்தால் 850, 900 மி.கி. நன்றாக இருக்கிற ஆணின் கையிருப்பே சுமார் ஒரு கிராம்தான். தொழிற்சாலை இரவு பகலாக ஓடினாலும் குடோனில் கச்சாப்பொருள் இல்லை. ரத்தம் எடுப்பது ரத்தத்தை நீர்க்கச் செய்வது மட்டுமில்லை, மஜ்ஜையைப் பட்டினி போடுவதும்தான். ஃபெரிட்டின் 6 என்பது வைத்தியத்தின் பக்கவிளைவு என்று சொல்வதைவிட, வைத்தியமே அதுதான் என்று சொல்லலாம்.

அஞ்சு வார மாத்திரையில் நடந்ததைப் பாருங்கள். மாத்திரையில் இருக்கிற இரும்பில் தினம் பத்து மி.கி. உள்ளே போயிருந்தாலும் 35 நாளில் 350 மி.கி. அது 350 மில்லி சிவப்பணுவுக்கான சரக்கு. 4.8 லிட்டரில் அதைப் போட்டால் ஹீமட்டோக்ரிட் ஏழு புள்ளி ஏறும். உங்களுக்கு எட்டு ஏறியிருக்கிறது. பட்டினி கிடந்த மஜ்ஜை ஒரு துளியையும் வீணாக்கவில்லை. கிளினிக் டாக்டர் ஃபெரிட்டினை மட்டும் பார்த்தார். பழைய சீட்டைக் காட்டியிருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

---

பெரம்பூர்மகள் (திங்கள், இரவு 11.30)

காட்டல. தப்பு எங்க மேலதான். கேக்கணும்னு நினைச்சேன்: அப்பா மத்தியானம் பச்சரிசியை வாயில போட்டு மென்னுகிட்டே இருக்கார். அம்மா அரிசி டப்பாவைப் பூட்டாத குறை. இதுவும் இதனாலயா?

---

மஜ்ஜைப்பித்து (திங்கள், இரவு 11.41)

ஆமாம். இரும்புக் குறைவில் பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, ஐஸ் இதெல்லாம் தின்னத் தோன்றும். அப்பாவின் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அசதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.

---

வேளச்சேரி தாத்தா (செவ்வாய், காலை 7.10)

டாக்டருக்கு நன்றி. ஆனா ஒரு சந்தேகம். என் மச்சானுக்கும் இதே நோய். ரத்தம் எடுத்து எடுத்து ஹீமட்டோக்ரிட் 44. ஆனா சிவப்பணு எண்ணிக்கை இன்னும் 68 லட்சம்! நார்மல் 55 லட்சம்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு. அப்ப ரத்தம் எடுத்தும் நோய் குறையலைன்னுதானே அர்த்தம்? இன்னும் எடுக்கணும்னு நான் அவன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்.

---

மஜ்ஜைப்பித்து (செவ்வாய், மதியம் 1.20)

தாத்தா, தயவுசெய்து சொல்லாதீர்கள். அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், 65 பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அது ஒரு செல்லின் அளவு. இரும்பு இல்லாத செல் சின்னதாகப் பிறக்கிறது. 68 லட்சம் சின்ன செல்லையும் 65ஐயும் பெருக்கினால் நூற்றுக்கு 44 பங்குதான் வரும். மெஷினும் அப்படிப் பெருக்கித்தான் ஹீமட்டோக்ரிட்டைச் சொல்கிறது. ரத்தத்தில் எவ்வளவு இடத்தை செல்கள் அடைத்துக்கொள்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டியது, எத்தனை தலை என்பது இல்லை. நோய் குறையவில்லை என்பது உண்மை, ரத்தம் எடுப்பதால் ஜாக்2 எங்கும் போகாது. ஆனால் எண்ணிக்கையைத் துரத்தி எடுத்தால் மச்சான் எழுந்து நிற்க முடியாமல் போய்விடுவார்.

இன்னொன்று, தண்ணீர் விஷயத்தில் நீங்கள் பாதி சரி. மே மாதம் வியர்த்துக் கொட்டி வந்து மத்தியானம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தால் ஹீமட்டோக்ரிட் ஒன்றிரண்டு புள்ளி பொய்யாக ஏறித் தெரியும், தண்ணீர் குடித்தால் அது இறங்கும். மஜ்ஜை செய்து தள்ளிய செல்லைத் தண்ணீர் குறைக்காது. உங்கள் தோசை மாவு உதாரணத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சிவப்பணு கூட்டம் நடு ஓட்டத்தை அடைத்துக்கொள்வதால் பிளேட்லெட்டுகள் குழாய்ச் சுவர் ஓரமாகத் தள்ளப்படுகின்றன. சுவரோடு உரசிக்கொண்டே போகிற பிளேட்லெட்தான் ஒட்ட ஆரம்பிக்கும்.

---

குரோம்பேட்டைக்காரி (செவ்வாய், மாலை 4.50)

டாக்டர், 45ன்னு ஏன் பிடிவாதமா இருக்காங்க? 48, 49 இருந்தா என்ன? நார்மல் வரம்புக்குள்ளதானே?

என் அக்காவுக்கு இதே நோய். அவளுக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கல. மூக்குல ரத்தம், பல் விளக்கினா ரத்தம், கைல நீல நீலமா. அப்ப பிளேட்லெட் 14 லட்சம். டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். பெரம்பூர் பொண்ணு, ஆஸ்பிரினை நல்லா யோசிச்சுக் கொடும்மா.

---

மஜ்ஜைப்பித்து (செவ்வாய், இரவு 10.30)

45க்குக் காரணம் 2013இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு. 365 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 45க்குக் கீழே வைத்தார்கள், மறு பாதியை 45இலிருந்து 50க்குள் விட்டார்கள். ரத்தநாளத்தால் மரணம் அல்லது பெரிய அடைப்பு முதல் கூட்டத்தில் 5 பேருக்கு, இரண்டாவதில் 18 பேருக்கு. நீங்கள் கேட்ட 48, 49தான் அந்த இரண்டாவது கூட்டம். பெண்களுக்கு இன்னும் கீழே, 42 வைக்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

உங்கள் அக்கா கதை முக்கியமானது, ஆனால் அது வேறு பிரச்சனை. பிளேட்லெட் பத்து லட்சத்தைத் தாண்டினால், ரத்தம் நிற்க உதவுகிற வான் வில்லிபிரான்ட் என்ற புரதத்தை அந்தக் கூட்டமே உறிஞ்சிக்கொள்ளும். பிளேட்லெட் ஏராளம், ஆனால் ரத்தம் நிற்காது. அதன் மேல் ஆஸ்பிரினும் சேர்ந்தால் மூக்கில் ரத்தம் ஒழுகத்தான் செய்யும். அதனால்தான் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தால் அந்தப் புரதத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் ஆஸ்பிரின் தொடங்குவோம். அக்காவுக்கு இப்போது எப்படி?

---

குரோம்பேட்டைக்காரி (செவ்வாய், இரவு 10.44)

மஜ்ஜையை அடக்கற ஹைட்ராக்சியூரியா மாத்திரை கொடுத்து பிளேட்லெட் 5 லட்சத்துக்கு வந்ததும் திரும்ப ஆஸ்பிரின் ஆரம்பிச்சிட்டாங்க. ஆமா, இப்ப ரத்தம் வரல. இதை முதல்ல சொல்லியிருக்கணும் நான்.

---

பெரம்பூர்மகள் (செவ்வாய், இரவு 10.52)

அப்பாவுக்கு பிளேட்லெட் 6.4 லட்சம். நிம்மதி. ஆனா ஹீமட்டோக்ரிட்டை 45க்குக் கீழ வச்சிட்டா ஆஸ்பிரின் எதுக்கு டாக்டர்? ரெண்டும் ஒரே வேலைதானே?

---

மஜ்ஜைப்பித்து (செவ்வாய், இரவு 11.25)

இல்லை. ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்கவே இளக்காது. ஆஸ்பிரின் போட்டாலும் ஹீமட்டோக்ரிட் அதேதான், கெட்டித்தனமும் அதேதான். பிளேட்லெட் ஒன்று ஒட்டியதும் "வாங்கடா"ன்னு மற்றதைக் கூப்பிட திராம்பாக்சேன் என்ற பொருளை விடும். அதைச் செய்கிற கருவியை ஆஸ்பிரின் நிரந்தரமாகப் பூட்டிவிடும். பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லை, புதுக் கருவி செய்துகொள்ளத் தெரியாது. சாகிற வரை, ஏழு பத்து நாள், அது ஊமைதான். அதனால்தான் சின்ன அளவே போதும். தினமும் போட வேண்டியிருப்பது, தினமும் புதுப் பிளேட்லெட் பிறப்பதால். இந்த நோயில் அதே கெட்டுப்போன தாய் செல்தான் பிளேட்லெட்டையும் வெள்ளணுவையும் பெறுகிறது. அவை ஹீமட்டோக்ரிட் 44 இருந்தாலும் கொஞ்சம் எரிச்சலோடுதான் திரியும். அப்பாவின் கால் விரல் எரிச்சல், விரலில் இருக்கிற நுண் குழாய்களில் பிளேட்லெட் ஒட்டியதால் வந்தது. அது போனதில் ஆஸ்பிரினுக்குப் பெரும்பங்கு இருக்கும்.

இதில் ஒரு பழைய தப்பும் இருக்கிறது. முன்பு ஒரு அமெரிக்க ஆய்வில் தினம் 900 மி.கி. ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வயிற்றில் ரத்தப்போக்கு. அடைப்பும் குறையவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் இந்த நோய்க்கு ஆஸ்பிரின் என்றாலே டாக்டர்கள் தயங்கினார்கள். 2004இல் 518 பேரில் தினம் 100 மி.கி. மட்டும் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வுதான் தயக்கத்தைப் போக்கியது. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் அடைப்பு, பெரிய சிரை அடைப்பு, ரத்தநாள மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் மேல் குறைந்தது, பெரிய ரத்தப்போக்கு குறிப்பிடும்படி கூடவில்லை. மொத்த மரணம் குறைந்ததென்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முட்டி வலிக்கு அப்பா ஐபுப்ரோஃபென் போடுகிறாரா? ஆஸ்பிரினுக்கு முன்னால் அதைப் போட்டால் பூட்டுகிற இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், ஆஸ்பிரின் வீண். வயிற்றுக்கும் கெடுதல். மலம் கருப்பாகப் போனால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

---

அடையாறு_தம்பி (புதன், காலை 8.15)

மரபணு மாற்றம்னு சொன்னீங்களே, பெரம்பூர் அக்காவுக்கும் வருமா அப்ப? குடும்பத்துல எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமா?

---

மஜ்ஜைப்பித்து (புதன், மதியம் 2.05)

நல்ல கேள்வி. அப்பா பிறக்கும்போது இது இல்லை. மஜ்ஜையில் ஒரு செல்லில் பின்னால் வந்தது, விந்தணுவில் கிடையாது, பிள்ளைக்குப் போகாது. சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வருவதும் உண்டு, அங்கே வருவதற்கான சாய்வுதான் பரம்பரை. அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு ஜாக்2 டெஸ்ட் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

---

ஊசிக்காரர் (புதன், இரவு 8.30)

என் கேள்வி ஒண்ணு டாக்டர். எங்ககிட்ட வர்ற ஒரு ஆளுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கிட்டே இருக்கோம், ரெண்டு வருஷமா. நரம்பெல்லாம் கயிறு மாதிரி ஆயிடுச்சு. இப்படியே போலாமா?

---

மஜ்ஜைப்பித்து (புதன், இரவு 11.10)

என் கருத்தில் போகக்கூடாது. அடிக்கடி எடுக்க வேண்டியிருப்பதே மஜ்ஜையை அடக்க மருந்து வேண்டும் என்பதற்கு அடையாளம். 60 வயதைத் தாண்டியவருக்கும், ஏற்கனவே அடைப்பு வந்தவருக்கும் நாங்கள் தயங்காமல் ஹைட்ராக்சியூரியாவோ இன்டர்ஃபெரானோ தொடங்குவோம். பெரம்பூர் அப்பா மாதிரி 58, அடைப்பு எதுவும் வராதவர் என்றால் அங்கேதான் வாதம். என் சீனியர் ஒருவர் "60 வரை ரத்தம் எடு, ஆஸ்பிரின் கொடு, சும்மா இரு" என்பார். பச்சரிசி மென்றுகொண்டு படியேற முடியாத ஆளை ரெண்டு வருஷம் பட்டினி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மருந்தால் மஜ்ஜை அடங்கினால் ரத்தம் எடுப்பது குறையும், இரும்பு தானாகத் தேறும். ஆனால் மருந்துக்கும் அதன் தொல்லை உண்டு, வாயில் புண், கால் புண், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. நேரில் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல முடியும்.

---

பெரம்பூர்மகள் (அடுத்த சனி, மாலை 6.15)

மறுபடி ரத்தம் எடுக்க ஆரம்பிச்சதுல நேத்து ரெண்டாவது பை ஆச்சு, அடுத்த வாரம் டெஸ்ட். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைல்ல போட்டு, அட்டை மேல "இரும்பு மாத்திரை கொடுக்க வேண்டாம், ரத்தவியல் டாக்டரைக் கேக்கவும்"னு பெருசா எழுதிட்டேன். அரிசி மெல்றதையும் சொன்னேன். டாக்டர் சிரிச்சுட்டு, "எவ்வளவு நாளா?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டார். அடுத்த தடவை மஜ்ஜையை அடக்கற மாத்திரை பத்திப் பேசலாம்னு சொல்லியிருக்கார். அப்பாவுக்கு இஷ்டமில்ல, "ஊசியே போதும், கீமோ மாத்திரைன்னு கடைக்காரன் சொல்றான்"ங்கிறார்.

---

குரோம்பேட்டைக்காரி (சனி, இரவு 7.02)

என் அக்காவும் அதையேதான் சொன்னா. ஒன்பது மாசமா போட்டுட்டு சமையல், கோலம் எல்லாம் அவதான். அப்பாவை அவகிட்ட ஃபோன்ல பேசச் சொல்றியா? தனியா மெசேஜ் போடு.